DATEDIF ஒரு ஆண்டைக் குறைத்துக் காட்டுவது ஏன்? பணிக்காலத்தையும் வயதையும் எக்செலில் சரியாகக் கணக்கிடும் முழு வழிகாட்டி

ஒரு நூற்பாலையில் சம்பளக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டு நின்றவர்களுக்குப் பணிக்கொடைப் பட்டியல் தயாரிக்க வேண்டும். சேர்ந்த தேதி ஒரு பத்தியில், நின்ற தேதி அடுத்த பத்தியில், மூன்றாவதில் DATEDIF. ஐந்து ஆண்டு ஆனவர்களுக்கு மட்டும் தொகை வரும்படி ஃபார்முலாவை எழுதிக் கீழே வரை இழுத்துவிட்டேன். பட்டியல் ஒட்டிய மறுநாள் ஒரு பெரியவர் என் மேசைக்கு வந்தார்.

"ஒண்ணாந்தேதி சேர்ந்தேன், முப்பதாந்தேதி சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்துட்டுத்தான் நின்னேன். அஞ்சு வருசம் முழுசா ஓட்டியிருக்கேன் தம்பி. நாலுன்னு போட்டிருக்கீங்களே, எந்த நாள் குறையுது?"

அவர் சேர்ந்தது 01-07-2020. நின்றது 30-06-2025. அவர் சொன்னது சரி. எக்செல் 4 என்று காட்டியதும் அது செய்யச் சொன்ன வேலைக்குச் சரியான விடைதான். நான் கேட்ட கேள்விதான் தவறு. இந்த ஒரு நாள் இடறலில் தொடங்கி, DATEDIF வயதிலும் பணிக்காலத்திலும் ஒன்று கூட்டியோ குறைத்தோ காட்டும் காரணங்களை, நான் சரிபார்க்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

DATEDIF எதை அளக்கிறது

திங்கள் முதல் வெள்ளி வரை லீவு எழுதிக் கொடுத்தால் ஐந்து நாள் கழிப்போம். வெள்ளியின் தேதியில் இருந்து திங்களின் தேதியைக் கழித்தால் நான்குதான் வரும். இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுவது ஒரு கணக்கு, ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு எவ்வளவு தூரம் என்பது வேறு கணக்கு. DATEDIF செய்வது இரண்டாவது கணக்கு.

```
=DATEDIF(B2,C2,"Y")
```

B2-இல் உள்ள தேதியில் இருந்து C2-இல் உள்ள தேதிக்குப் போவதற்குள் எத்தனை முழு ஆண்டு கடந்தது என்பதை இது சொல்லும். 01-07-2020-இல் இருந்து ஐந்து ஆண்டு கடக்க 01-07-2025 வர வேண்டும். 30-06-2025 என்பது அதற்கு ஒரு நாள் முன்னால் இருக்கிறது. ஆகவே விடை 4. ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துக் கேட்டால் 4 ஆண்டு 11 மாதம் 29 நாள் என்று வரும்.

பணிக்காலத்தில் சேர்ந்த நாளும் வேலை நாள், கடைசி நாளும் வேலை நாள். அந்தக் கடைசி நாள் முழுதும் அவர் உழைத்திருக்கிறார். அதை எக்செலுக்குச் சொல்லும் வழி, முடிவுத் தேதியோடு ஒன்று கூட்டுவது.

```
=DATEDIF(B2,C2+1,"Y")
```

இப்போது விடை 5. கூட்ட வேண்டியது தேதியில்தான், விடையில் அல்ல என்பதைக் கவனியுங்கள். விடையோடு ஒன்று கூட்டி "சரியாகிவிட்டது" என்று வைத்திருக்கும் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் நிற்கும் சிலருக்கு அது சரியாகும், மற்ற எல்லாருக்கும் ஒரு ஆண்டு இலவசமாகப் போய்ச் சேரும்.

அந்தப் பெரியவருக்கு இதில் எவ்வளவு போயிருக்கும் என்று பாருங்கள். அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் சொன்ன கணக்கு, கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்குவது. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,500. ஐந்து ஆண்டுக்கு 37,500. நான்கு என்று காட்டியதால் என் பட்டியலில் அவருக்குத் தொகை பூஜ்யம். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அதை ஓர் ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருப்பதால் வேறு வழியிலும் அவர் கேட்டிருக்கலாம். ஆனால் ஐந்து ஆண்டு முழுதாக வேலை பார்த்தவர் அந்த வழிக்கே போக வேண்டியதில்லை.

படி 1: செல்லில் இருப்பது தேதிதானா?

கூட்டல் ஒன்றைப் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இது. எக்செலுக்குத் தேதி என்பது ஒரு எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு வருகிறது. நம் கண்ணுக்குத் தேதிபோலத் தெரிவதெல்லாம் அதற்குத் தேதி அல்ல. பக்கத்தில் ஒரு காலிப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்.

```
=ISNUMBER(B2)
```

FALSE வரும் வரிகள் எழுத்தாகக் கிடக்கும் தேதிகள். நம் அலுவலகங்களில் பழக்கமான 01.07.2020 என்ற புள்ளி வைத்த முறை பெரும்பாலும் இப்படித்தான் மாட்டும். DATEDIF அதைப் பார்த்து #VALUE! என்று நின்றுவிடும். நிற்பது நல்லதுதான், தவறு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே. தேதியும் மாதமும் இரண்டிரண்டு இலக்கமாகவே இருந்தால் புதிய பத்தியில் இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

```
=DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2))
```

முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் B2 வரும் இடமெல்லாம் TRIM(B2) என்று எழுதுங்கள்.

இதைவிட ஆபத்தானது எந்தப் பிழையும் காட்டாமல் தவறாகப் படிக்கப்பட்ட தேதி. வருகைப் பதிவு மென்பொருளில் இருந்து CSV கோப்பு வருகிறது. அதில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. திறக்கும் கணினியில் விண்டோஸ் அமெரிக்க முறைப்படி அமைந்திருக்கிறது, அதாவது மாதம் முதலில். 05/06/1985 என்பது ஜூன் 5. கணினி அதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 2025 ஜூன் 1 அன்று வயது கேட்டால் உண்மையில் 39, திரையில் 40. ஃபார்முலாவை எத்தனை முறை பார்த்தாலும் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. 13/06/1985 போன்ற தேதியைக் கணினியால் மாதம் முதலாகப் படிக்க முடியாது, 13-ஆம் மாதம் இல்லையே. அதனால் அதை எழுத்தாகவே விட்டுவிடும். ஆகவே ISNUMBER பத்தியில் FALSE என்று வந்த வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அவை எல்லாமே 12-க்கு மேற்பட்ட நாள்களாக இருந்தால், TRUE என்று வந்தவற்றில் நாளும் மாதமும் இடம் மாறிக் கிடக்கின்றன என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். FALSE வரிகளை மட்டும் சரிசெய்துவிட்டு நிம்மதி அடைபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கெட்டுப்போனவை உண்மையில் மற்ற வரிகள்.

மூலக் கோப்பு கையில் இருந்தால் அதை நேரே திறக்காமல், தேதிப் பத்தியை எழுத்தாகவே உள்ளே கொண்டுவந்து, Data பட்டியில் Text to Columns போய், மூன்றாவது திரையில் Date என்பதற்கு எதிரே DMY தேர்ந்தெடுப்பதுதான் சுத்தமான வழி. மூலம் இல்லையென்றால் இடம் மாறியதைத் திருப்பி மாற்றலாம்.

```
=IF(ISNUMBER(B2),DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2)),
 DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2)))
```

இதை ஒரே ஒரு முறை, தனிப் பத்தியில் செய்யுங்கள். பழைய பத்தியை அழிக்க வேண்டாம். பிறகு கையால் நேரே தட்டிய தேதிகள் நடுவில் கலந்திருந்தால் அவை சரியாக இருந்து இப்போது கெட்டுவிடும். ஆகவே பத்துப் பேருடைய தேதியையாவது சான்றிதழோடோ பணிப்பதிவேட்டோடோ ஒத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

படி 2: பிழை எழுத்து என்ன சொல்கிறது

#NAME? வந்தால் பெயரைத் தவறாகத் தட்டியிருப்பீர்கள், பெரும்பாலும் DATEDIFF என்று இரண்டு F. எக்செல் ஃபார்முலாவில் F ஒன்றுதான். தட்டும்போது எக்செல் இதன் பெயரை எடுத்துக் கொடுக்காது என்பதால் இந்தத் தவறு அடிக்கடி நேரும். பழைய லோட்டஸ் 1-2-3 கோப்புகளுக்காக வைத்திருக்கும் ஃபார்முலா என்பதால் இந்த நிலை. Y-க்கு மேற்கோள்குறி விட்டுப்போனாலும் இதே பிழை வரும்.

#NUM! என்றால் பெரும்பாலும் தொடக்கத் தேதி முடிவுத் தேதிக்குப் பின்னால் இருக்கிறது. சிலர் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். இன்னும் வேலையில் இருப்பவருக்கு நின்ற தேதி காலியாக இருந்தாலும் இது வரும். காலி செல்லை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்வதால் அது 1900-க்குப் போய்விடுகிறது. எனக்கு அதிக நேரம் பிடித்த காரணம் வேறு. ஓய்வு பெறும் தேதியை 30-04-35 என்று இரண்டு இலக்க ஆண்டாகத் தட்டியிருந்தார்கள். பல கணினிகளில் 30 முதல் 99 வரை தட்டினால் அது 1900-களைச் சேர்ந்ததாகிவிடும். அவர் 1935-இல் ஓய்வு பெற்றதாகக் கணினி நினைத்துக்கொண்டிருந்தது. செல்லின் ஃபார்மட்டும் dd-mm-yy என்று இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. தேதிப் பத்திகளை எப்போதும் dd-mm-yyyy ஃபார்மட்டில் வையுங்கள்.

பிறந்த தேதி காலியாக இருந்தால் பிழையே வராது. வயது 120-ஐத் தாண்டி வரும். பட்டியலை வயதுப்படி அடுக்கிப் பார்த்தால் இவை மேலே வந்து நிற்கும். விடை 5 வர வேண்டிய இடத்தில் 05-01-1900 என்று வந்தால் கணக்கு சரிதான், விடைச் செல் தேதி ஃபார்மட்டில் இருக்கிறது. General என்று மாற்றினால் போதும்.

படி 3: 365-ஆல் வகுப்பதை நிறுத்துங்கள்

DATEDIF தவறு காட்டுகிறது என்று சொல்லி, தேதிகளைக் கழித்து 365-ஆல் வகுத்து INT போடுபவர்கள் உண்டு. 10-06-1965-இல் பிறந்தவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய அறுபது ஆண்டில் பிப்ரவரி 29 பதினைந்து முறை வந்திருக்கிறது. 365-ஆல் வகுத்தால் அந்தப் பதினைந்து நாளும் முன்கூட்டியே சேர்ந்து, 26-05-2025 அன்றே அவருக்கு 60 என்று காட்டிவிடும்.

365.25-ஆல் வகுத்தால் தவறு சிறிதாகும், ஆனால் ஒளிந்துகொள்ளும். 15-06-2005-இல் பிறந்தவருக்கு 15-06-2023 அன்று 18 நிறைகிறது. இடையில் 6,574 நாள். 18-ஐ 365.25-ஆல் பெருக்கினால் 6,574.5. அரை நாள் குறைவதால் பிறந்தநாள் அன்று 17 என்று வரும். அடுத்த நாள் சரியாகிவிடும். இப்படி ஒரு நாள் மட்டும் எட்டிப் பார்த்து மறையும் தவறைப் பிடிப்பது மிகக் கடினம். ஆண்டுக் கணக்குக்கு DATEDIF-இன் "Y" நம்பகமானது. அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வயதுக்கு ஒன்று கூட்டலாமா?

பணிக்காலத்துக்கு +1 என்று சொன்னேன். வயதுக்கு அன்றாட வழக்கில் அது வேண்டாம். பிறந்தநாள் அன்று ஒரு வயது கூடுகிறது, அதற்கு முந்தின நாள் கூடவில்லை என்பதுதான் வீட்டிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் நாம் சொல்லும் வயது. DATEDIF-உம் அப்படியே சொல்கிறது.

```
=DATEDIF(B2,$F$1,"Y")
```

F1-இல் எந்தத் தேதி நிலவரப்படி வயது வேண்டுமோ அதை எழுதி வையுங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஜூலை 1 நிலவரப்படி வயது பார்க்கிறது. அந்த மாதிரி இடத்தில் TODAY() போட்டால் இன்று சரியாக இருந்த பட்டியல் அடுத்த மாதம் திறக்கும்போது மாறியிருக்கும்.

ஆனால் சட்டத்தின் கணக்கு அன்றாட வழக்கோடு ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. இந்த ஒரு நாள் வித்தியாசம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிரபு தயாள் செஸ்மா எதிர் ராஜஸ்தான் மாநிலம் என்ற 1986-ஆம் ஆண்டு வழக்கில், விண்ணப்பதாரர் பிறந்தது 02-01-1956. 1984 ஜனவரி 1 அன்று அவருக்கு 28 நிறைந்திருக்கக் கூடாது என்பது விதி. DATEDIF-இடம் கேட்டால் 27 என்று சொல்லும். நீதிமன்றமோ பிறந்த நாளையும் ஒரு முழு நாளாக எண்ண வேண்டும், ஆகவே பிறந்தநாளுக்கு முந்தின நாளிலேயே அந்த வயது நிறைந்துவிடுகிறது என்றது. அவருக்கு ஜனவரி 1 அன்றே 28. வாய்ப்புப் போயிற்று.

பணிக்காலத்தில் நாம் பார்த்த அதே இரு முனைக் கணக்குதான் இது. வாழ்ந்த முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணினால் ஜனவரி 1 முடியும்போது 28 ஆண்டு முழுமை. எக்செலில் அது DATEDIF(B2,F1+1,"Y").

மத்திய அரசின் அடிப்படை விதி 56-உம் இந்தக் கணக்கிலேயே நிற்கிறது. 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் மட்டும் அதற்கு முந்தின மாதக் கடைசியில் ஓய்வு பெறுவார். 01-06-1965-இல் பிறந்தவர் 31-05-2025 அன்று, 02-06-1965-இல் பிறந்தவர் 30-06-2025 அன்று. ஒரே நாள் இளையவர் ஒரு மாதம் கூடுதலாகச் சம்பளம் வாங்குகிறார். இதற்குத் தனியாக IF எழுதி, முதல் தேதியா என்று சோதித்து நீளமாக்கத் தேவையில்லை.

```
=EOMONTH(EDATE(B2,720)-1,0)
```

அறுபது ஆண்டு என்பது 720 மாதம். அதில் ஒரு நாளைக் கழித்தால் சட்டப்படி வயது நிறையும் நாள் கிடைக்கும். EOMONTH அந்த மாதத்தின் கடைசிக்குக் கொண்டுபோகும். மேலே சொன்ன இருவரையும் போட்டுப் பாருங்கள், இரண்டும் சரியாக வரும்.

இதில் என் யோசனை இதுதான். வயது வரம்பு பார்க்கும் பட்டியலில் F1-ஐ வைத்து ஒரு முறையும் F1+1 வைத்து ஒரு முறையும் இரண்டு பத்தி போடுங்கள். இரண்டும் வேறுபடும் வரிகள் ஆயிரத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவர்களை ஃபார்முலாவிடம் விடாமல், அறிவிப்பின் வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் படித்து முடிவு செய்யட்டும்.

படி 5: மாதமும் நாளும் சேர்த்துக் காட்டும்போது

ஆண்டு, மாதம், நாள் என்று காட்ட வழக்கமாக "Y", "YM", "MD" மூன்றையும் கோத்து எழுதுவார்கள். முதல் இரண்டில் சிக்கல் இல்லை. "MD" நம்பத் தகாதது. மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிப் பக்கத்தில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியிருக்கிறது.

31-01-2018-இல் சேர்ந்து 28-02-2025-இல் நின்றவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூட்டினால் முடிவு 01-03-2025. "Y" 7 தரும், "YM" 1 தரும், "MD" -2 தரும். ஏழு ஆண்டு ஒரு மாதம் கழித்தல் இரண்டு நாள். 31-ஆம் தேதியில் இருந்து 1-ஆம் தேதிக்கு வர, இடையில் இருக்கும் பிப்ரவரியின் 28 நாளைக் கடன் வாங்குகிறது. 28-இல் 31 போகாது, அதனால் கழித்தல் குறி. கழித்தல் வந்தால் கண்ணில் படும். சில தேதிகளில் அது கழித்தலாக வராமல் 0 என்றோ, பார்க்க நியாயமான ஒரு தவறான எண்ணாகவோ வந்துவிடும் என்பதுதான் கவலை.

இதற்குப் பதில் எளியது. முழு மாதங்கள் எத்தனை என்று "M" கொண்டு கேளுங்கள், சேர்ந்த தேதியில் இருந்து அத்தனை மாதம் EDATE-ஆல் முன்னே நடங்கள், மிச்சம் இருப்பதுதான் நாள். முதலில் D2-இல் =C2+1 என்று வைத்துக்கொண்டால் ஃபார்முலா குழம்பாது.

```
=D2-EDATE(B2,DATEDIF(B2,D2,"M"))
```

மேலே சொன்னவருக்கு முழு மாதம் 85. சேர்ந்த தேதியில் இருந்து 85 மாதம் நடந்தால் 28-02-2025. அங்கிருந்து 01-03-2025-க்கு 1 நாள். ஆகவே 7 ஆண்டு 1 மாதம் 1 நாள். முழுதாகக் கோத்தால் இப்படி வரும்.

```
=DATEDIF(B2,D2,"Y")&" ஆண்டு "&DATEDIF(B2,D2,"YM")&" மாதம் "
 &(D2-EDATE(B2,DATEDIF(B2,D2,"M")))&" நாள்"
```

விடைச் செல் தேதியாகத் தெரிந்தால் ஃபார்மட்டை General ஆக்குங்கள். 29, 30, 31 தேதிகளில் சேர்ந்தவர்களுக்கு ஒரு மாதம் எப்போது முடிகிறது என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் வழக்கம் மாறும். சிலர் மாதத்துக்கு 30 நாள் என்றே கணக்கு வைத்திருப்பார்கள். அங்கே அந்த விதிதான் செல்லும், இந்த ஃபார்முலா அல்ல.

"YD" என்ற அலகையும் தொடாதீர்கள். லீப் ஆண்டு குறுக்கே வந்தால் அதுவும் ஒரு நாள் பிசகும்.

படி 6: ஆறு மாதத்தைத் தாண்டினால் ஓர் ஆண்டு

பணிக்கொடையில் மீதி மாதம் ஆறுக்கு மேல் போனால் அதை முழு ஆண்டாக எடுக்க வேண்டும். சட்டம் சொல்வது ஆறு மாதத்துக்கு மேல். சரியாக ஆறு மாதம் என்றால் கூடாது. பலர் "YM" 6 அல்லது அதற்கு மேல் என்று சோதித்துவிடுகிறார்கள். வேறு சிலர் 5-க்கு மேல் என்கிறார்கள், அதுவும் அதேதான். +1 இல்லாமல் இதைச் செய்தால் இரண்டு தவறும் சில இடங்களில் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

01-07-2015-இல் சேர்ந்த ஒருவர் 31-12-2024 அன்று நிற்கிறார். இரு முனையும் சேர்த்து 9 ஆண்டு 6 மாதம், ஒரு நாளும் கூட இல்லை. அவருக்கு 9. இன்னொருவர் அதே நாளில் சேர்ந்து 01-01-2025 அன்றும் வேலை பார்த்துவிட்டு நிற்கிறார். 9 ஆண்டு 6 மாதம் 1 நாள். அவருக்கு 10. அதே 13,000 சம்பளத்தில் இருவருக்கும் இடையே 7,500 ரூபாய். +1 போடாத கோப்பு இரண்டாமவருக்கும் சரியாக 6 மாதம் என்று காட்டும், ஆறுக்கு மேல் என்று சரியாகச் சோதித்தாலும் அவருக்கு 9-தான் கிடைக்கும்.

```
=DATEDIF(B2,D2,"Y")+(D2>EDATE(B2,DATEDIF(B2,D2,"Y")*12+6))
```

முழு ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் ஆறு மாதம் முடியும் நாளை EDATE கண்டுபிடிக்கிறது. D2 அதைத் தாண்டியிருந்தால் ஒன்று கூடும், இல்லையென்றால் பூஜ்யம். இரண்டாவது வரிக்கு D2 02-01-2025, ஆறு மாத எல்லை 01-01-2025. தாண்டிவிட்டது, ஆகவே 10. ஐந்து ஆண்டுத் தகுதியை இந்த முழுமையாக்கிய எண்ணில் பார்க்காதீர்கள். நாலரை ஆண்டுக்கு மேல் இருந்தவரும் 5 என்று உள்ளே வந்துவிடுவார். தகுதிக்கு "Y" தரும் எண், தொகைக்கு மட்டும் இந்த எண்.

படி 7: கோப்பை நம்புவதற்கு முன்

விடை தெரிந்த சில வரிகளைக் கோப்பின் அடியில் நிரந்தரமாக வைத்திருக்கிறேன். ஃபார்முலாவில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் அங்கேதான் பார்ப்பேன். ஒன்றாம் தேதி சேர்ந்து மாதக் கடைசியில் நின்றவர், அதாவது அந்தப் பெரியவரின் தேதிகள், 5 ஆண்டு 0 மாதம் 0 நாள் தர வேண்டும். 01-03-2004-இல் சேர்ந்து 29-02-2024-இல் நின்றவர் சரியாக 20 ஆண்டு. அவரே 28-02-2024-இல் நின்றிருந்தால் 19 ஆண்டுதான், ஏனென்றால் அந்த ஆண்டு பிப்ரவரிக்கு இன்னொரு நாள் மிச்சம் இருந்தது. ஒரே நாளில் சேர்ந்து அன்றே நின்றவருக்கு 0 ஆண்டு 0 மாதம் 1 நாள். இது 0 நாள் என்று வந்தால் +1 எங்கோ விட்டுப்போயிருக்கிறது. 31-01-2018 வரி 1 நாள் என்று காட்ட வேண்டும். -2 வந்தால் யாரோ "MD"-யைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆஃபீஸிலும் DATEDIF உண்டு. லிப்ரே ஆஃபீஸில் சில அமைப்புகளில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கும். கோப்பை அங்கே கொண்டுபோனால் இந்தச் சோதனை வரிகளும் கூடவே போகட்டும். பவர் பிவட்டிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் இருக்கும் இரண்டு F கொண்ட DATEDIFF வேறு ஆள். அது ஆண்டு எல்லையை எத்தனை முறை தாண்டினோம் என்று எண்ணும். டிசம்பர் 31-இல் இருந்து ஜனவரி 1-க்கு ஒரு ஆண்டு என்று சொல்லிவிடும். அங்கிருந்து வந்த பணிக்கால எண்ணை எக்செல் எண்ணோடு ஒப்பிட்டு, எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், தேதிகளை மட்டும் வாங்கி மேலே சொன்ன ஃபார்முலாவில் போடுங்கள்.

அந்தப் பெரியவரின் வரியைத் திருத்திய பிறகு, முந்தைய இரண்டு ஆண்டுப் பட்டியல்களையும் எடுத்து D2 பத்தி சேர்த்து மறுபடி ஓட்டினேன். மாதக் கடைசியில் நின்றவர்களாக மேலும் மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருவருக்கு ஒரு ஆண்டுத் தொகை பாக்கி, இரண்டு பேருக்கு எழுத்தில் மட்டும் பிசகு, தொகை சரி. பாக்கிக்கான வவுச்சரைப் பெரியவருடையதோடு சேர்த்தே கையெழுத்துக்கு வைத்தேன்.